மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் பழையது நிற்குமா?

ஓசூர் தந்தை:
என் மகள் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எழுத்துத் தேர்வில் 54, செய்முறையில் 30 என 84 பெற்றிருந்தாள். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது, ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில் அவள் எழுதிய ஒரு படிநிலைக்கு மதிப்பெண் இடப்படாதது தெளிவாகத் தெரிந்தது. அதனுடன், வெறும் ஐயத்தின் பேரில் மூன்று மதிப்பெண் வினா ஒன்றையும் சேர்த்து மறுமதிப்பீடு கோரினோம். முதல் வினாவில் 3 என்பது 4 ஆயிற்று. இரண்டாவதில் 2 என்பது 0 ஆயிற்று. இப்போது 83தான் செல்லும் என்கிறார்கள்.

தர்மபுரி மாணவர்:
ஐயா, மறுமதிப்பீட்டில் மட்டுமே குறையும் என்று கேள்விப்பட்டேன். மதிப்பெண் சரிபார்ப்பில் வெறும் கூட்டலைத்தான் பார்ப்பார்கள் என்பதால் அதில் இழப்பு வராது அல்லவா?

கிருஷ்ணகிரி ஆசிரியை:
கூட்டலைப் பார்ப்பார்கள் என்பது சரி, தம்பி. ஆனால் முதலில் கூடுதலாகக் கூட்டியிருந்தால் அதுவும் திருத்தப்படும். சிபிஎஸ்இயில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அது நடைமுறைக்கு வரும். பழைய மதிப்பெண் சான்றிதழை ஒப்படைத்துப் புதியதைப் பெற வேண்டும். அந்த முடிவின்மேல் மேல்முறையீடு கிடையாது. ஆகவே நகல் கைக்கு வந்ததும், வாரியம் வெளியிட்டுள்ள விடைக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிநிலைக்கும் எத்தனை மதிப்பெண் என்று ஒப்பிட வேண்டும். ஓசூர் ஐயாவின் மகளுக்கு முதல் வினாவில் அத்தகைய ஆதாரம் இருந்தது. இரண்டாவதில் முன்பு திருத்தியவர் தாராளமாக நடந்திருக்கக்கூடும். விடைக்குறிப்பே தவறு என்று வாதிட இங்கு இடமில்லை.

பென்னாகரம் கல்லூரி மாணவி:
அக்கா, எனக்கு இளங்கலைக் கணிதத்தில் அரியர். மறுமதிப்பீட்டில் குறைந்தபோது பழைய மதிப்பெண்ணையே வைத்துக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் இரண்டில் அதிகமானதுதானே செல்லும்?

கிருஷ்ணகிரி ஆசிரியை:
அது உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியாக இருக்கலாம். அதைக் கொண்டு வாரியத் தேர்வைக் கணிக்க முடியாது. விண்ணப்ப அறிவிப்பில் குறைவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்ற அந்த ஒரு வரியைத்தான் ஒவ்வொருவரும் தேட வேண்டும். பெரும்பாலோர் கட்டணத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

ஓசூர் தந்தை:
பொறியியல் கட் ஆஃபில் வேதியியல் 50க்குச் சுருக்கப்படுவதால் எங்களுக்கு அரை மதிப்பெண் போயிற்று. கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஏற்கெனவே 84 என்று பதிந்திருக்கிறோம். அதைத் தானாகத் திருத்துவார்களா, நாங்கள் போய்ச் சொல்ல வேண்டுமா?

கிருஷ்ணகிரி ஆசிரியை:
தானாக மாறும் என்று காத்திருக்காதீர்கள், ஐயா. புதிய சான்றிதழ் வந்தவுடன் அருகிலுள்ள சேர்க்கை உதவி மையத்தில் காட்டிக் கேளுங்கள். தரவரிசை வெளியான பிறகு எப்படிக் கையாளுவார்கள் என்பதை நேரில் சென்று வந்த யாராவது இங்கே எழுதினால் நல்லது.