புதுப்பிப்பு: இன்பாக்ஸில் தலைப்புக்குக் கீழே வரும் வரி

முன்பு கேட்டது: "மயிலாப்பூரில் ஊறுகாய் கடை. எந்த மெயில் அனுப்பினாலும் தலைப்புக்குக் கீழே 'மெயில் சரியாகத் தெரியவில்லையா?' என்றே வருகிறது. எப்படி மாற்றுவது?"

சரியாகிவிட்டது. தலைப்பை மாற்றச் சொன்னவர் பாதி சரி. அனுப்புநர் இடத்திலேயே கடைப் பெயர் இருக்க, தலைப்பிலும் அதையே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டு "மாகாளிக் கிழங்கு வந்தாச்சு" என்று வைத்தேன். ஆனால் கீழ்வரி அப்படியே இருந்தது. மெயிலின் உள்ளே முதலில் வரும் எழுத்துதான் அங்கே தெரியும் என்று சொன்ன அக்காவுக்கு நன்றி. `<body>` என்ற தொடக்க டேக் முடிந்த உடனே இதைச் சேர்த்தேன்:

```html
<div style="display:none">அரை கிலோ பாட்டில், சனிக்கிழமை வரை
&#847;&zwnj;&nbsp;&#847;&zwnj;&nbsp;</div>
```

முதல் சோதனையில் இதன் கடைசி வரியில் உள்ள எழுத்துகளைப் போடவில்லை. என் வரி சின்னது என்பதால் மிச்ச இடத்தில் பழைய வாக்கியம் மறுபடி எட்டிப் பார்த்தது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை ஐம்பது அறுபது முறை திருப்பிப் போட்டதும் போய்விட்டது (இங்கே இரண்டுதான் காட்டியிருக்கிறேன்).

"என் மெயில் ஸ்பாமுக்குப் போகிறதே" என்று கேட்டவருக்கு: அது வேறு சிக்கல், இதனால் தீராது.

அனுப்புநர் பெயரில் கடையோடு என் பெயரையும் சேர்க்கலாமா? அப்பா வேண்டாம் என்கிறார். போனில் கடைப் பெயரே பாதியில் வெட்டுப்படுகிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.