அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஊர்க்குருவி எழுதியது: "குஜராத்தி, மராட்டிக்காரர்கள் பெயருக்கு நடுவில் வரும் அப்பா பெயர் வெறும் அலங்காரம். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அதை விட்டுவிட்டு நிரப்பினால் ஒரு பிரச்சினையும் வராது."

மாதுங்காக்காரன்: இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. மும்பையில் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டு வந்தவர்களின் சிக்கலைப் பிரிப்பதிலேயே பாதிப் பொழுது போகிறது.

ஐயா, விடுவதா வேண்டாமா என்று நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டே கட்டம்தான்: சர்நேம், கிவன் நேம். மிடில் நேம் என்று தனிக் கட்டமே கிடையாது. அப்பா பெயரையும் சேர்த்து வாங்கியவருக்கு அது கிவன் நேமுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரை வைத்து, அப்படி வாங்கினால் பாஸ்போர்ட் முன்பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இருக்கும் வரி எப்படி வரும் என்று காட்டுகிறேன்:

```
P<INDTENDULKAR<<SACHIN<RAMESH<<<<<<<<<<<<<<<
```

நாட்டைக் குறிக்கும் IND-க்குப் பிறகு, இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது சர்நேம். பின்னால் வருவது மொத்தமும் கிவன் நேம். ரமேஷ் என்பது அப்பாவா, செல்லப்பெயரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது, அதற்குக் கவலையும் இல்லை.

ஊர்க்குருவி: ஆகா, பாடம் ஆரம்பித்துவிட்டது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில்தான் தனியாக அச்சாகியிருக்கிறதே, அப்புறம் எதற்கு முன்பக்கத்திலும்? எங்கள் குஜராத்தி முதலாளி விமான டிக்கெட்டில் தன் பெயரும் சர்நேமும் மட்டும் போட்டுத்தான் துபாய் போய் வருகிறார். இதுவரை யாரும் நிறுத்தவில்லை.

மாதுங்காக்காரன்: உங்கள் முதலாளியின் முன்பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில். இல்லாமல் வாங்கியிருந்தால் அவர் செய்வது முழுக்கச் சரி, எங்கேயும் சேர்க்கவே கூடாது. இருந்தும் டிக்கெட்டில் விட்டிருந்தால், விமான நிறுவனம் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். டிக்கெட் வேறு, விசா வேறு.

அமெரிக்க விசாவுக்கான DS-160 படிவத்தில் இரண்டு கட்டம்தான். அதில் 'சச்சின் ரமேஷ்' இரண்டும் கிவன் நேமில் போகும். அதே ஆள் அமெரிக்கா போனபின் வேலை அனுமதிக்கு I-765 நிரப்பினால் அங்கே மூன்று கட்டம். அப்போது ரமேஷைத் தூக்கி மிடில் நேமில் வைக்க வேண்டும்.

ஊர்க்குருவி: பார்த்தீர்களா! ஒரு படிவத்தில் உள்ளே, ஒரு படிவத்தில் வெளியே. உங்கள் கணக்குப்படியே அதற்கு நிலையான இடம் இல்லை. அலங்காரம் என்று நான் சொன்னதைத்தான் நீங்கள் நீட்டி முழக்குகிறீர்கள்.

மாதுங்காக்காரன்: கட்டம் மாறுகிறது ஐயா, பெயர் மாறவில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் எல்லாச் சொல்லும் இரண்டிலும் இருக்கின்றன. ஆதார் விவாதத்திலும் இப்படித்தான் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

தாமிரபரணி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில் என் பெயர் மட்டும். இனிஷியலை விரித்து அப்பா பெயரை மிடில் நேமாகப் போடலாமா? விசாவில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக FNU என்று வந்துவிடுகிறது.

மாதுங்காக்காரன்: தம்பி, இங்கே பேச்சு மூன்று சொல் பெயரைப் பற்றி. உங்களுடையது வேறு நோய்.

தாமிரபரணி: எங்களுக்கு ஒரே எழுத்தில் அப்பா அடங்கிவிடுகிறார். இவர்களுக்குத்தான் முழு நீளம் தேவைப்படுகிறது.

வதோதரா மருமகள்: அடக்கிய எழுத்துதானே இப்போது உங்களை FNU ஆக்கியிருக்கிறது?

என் நாத்தனார் கதையைச் சொல்கிறேன், அப்புறம் அலங்காரமா இல்லையா என்று ஊர்க்குருவி அண்ணன் சொல்லட்டும். குஜராத் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் சர்நேம்தான் முதலில் வரும். பிறகு பெயர், பிறகு அப்பா பெயர், அதுவும் 'பாய்' ஒட்டோடு. டிகிரியிலும் அதே வரிசை. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பாஸ்போர்ட்டில் அப்பா போய்விட்டார், அந்த இடத்தில் கணவர் பெயர், கணவர் வீட்டு சர்நேம்.

கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது மார்க்‌ஷீட்டைப் பார்த்து முதல் சொல்லையே முதல் பெயர் என்று போட்டுவிட்டாள். படேல் முதல் பெயராகிவிட்டது. ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கோ பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிந்திருந்தாள். இரண்டையும் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு, தேர்வு எழுதியவர் ஒருவர், படித்தவர் இன்னொருவர். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் அஃபிடவிட் எழுதி, கல்யாணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புவதற்குள் ஒரு செமஸ்டர் தள்ளிப்போய்விட்டது.

ஊர்க்குருவி: அது சர்நேமை முதலில் போட்ட தப்பு. அப்பா பெயர் என்ன பாவம் செய்தது? என் வாதத்துக்கு நீங்களே சாட்சி, நன்றி.

மாதுங்காக்காரன்: அப்பா பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார் பாருங்கள். அம்மா, உங்கள் நாத்தனார் அடுத்து எந்த விசாவுக்குப் போனாலும் 'வேறு பெயர்கள் பயன்படுத்தியது உண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டுப் பழைய பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். புனைபெயரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து எல்லாரும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள். 'ரமேஷ்பாய்' ஒரு காகிதத்திலும் 'ரமேஷ்' இன்னொன்றிலும் இருந்தால் அதையும் எழுதுவது நல்லது.

இன்னொன்று. மரபுப்படி எழுதினால் மகன் அர்ஜுன் சச்சின் டெண்டுல்கர், தாய் அஞ்சலி சச்சின் டெண்டுல்கர், அப்பா மட்டும் சச்சின் ரமேஷ். தாய்க்கும் பிள்ளைக்கும் மிடில் நேம் ஒன்றாகவும் அப்பாவுக்கு வேறாகவும் இருந்தால் வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் திருதிருவென்று விழிப்பார்கள். ஆனால் அதற்காக யாரும் பெயரை வெட்டச் சொல்வதில்லை.

வதோதரா மருமகள்: கல்யாணமானால் பெண்தான் இரண்டு சொல்லை மாற்ற வேண்டும், ஆண் ஒன்றையும் மாற்ற வேண்டாம். அதைப் பற்றி நிபுணருக்கு ஒரு வரி கூட எழுத வரவில்லையே?

மாதுங்காக்காரன்: சட்டம் அப்படி எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லை அம்மா. மாற்றாமலேயே பாஸ்போர்ட் வாங்கலாம்.

வதோதரா மருமகள்: மாமியார் வீட்டில் வந்து அந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டுங்கள், டீ போட்டுத் தருகிறேன்.

ஊர்க்குருவி: மகாராஷ்டிரத்தில்தான் 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அம்மா பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்களே. பெயர், அம்மா, அப்பா, சர்நேம் என்று நான்கு. இனி நாலு கட்டம் தேடுவீர்களா மாதுங்கா சார்?

மாதுங்காக்காரன்: நாலோ நாற்பதோ, பாஸ்போர்ட்டில் எது அச்சாகிறதோ அதுதான். இயந்திர வரியில் பெயருக்கு 39 இடம் இருக்கிறது. அதற்கு மேல் நீண்டால் அந்த வரியில் சுருங்கும், மேலே அச்சான பெயரையே படிவத்தில் எழுத வேண்டும். திரும்பத் திரும்ப இதையேதான் சொல்கிறேன்.

ஊர்க்குருவி: திரும்பத் திரும்பச் சொல்வதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. முதலாளியிடம் கேட்டேன். முன்பக்கத்தில் அப்பா பெயர் இருக்கிறதாம். நாளைக்குக் காலை மறுபடி துபாய் கிளம்புகிறார்.

மாதுங்காக்காரன்: துபாய்க்கு என் வாழ்த்துகள். அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகும்போது அவரை என்னிடம் அனுப்புங்கள், கட்டணம் உண்டு.

ஊர்க்குருவி: அப்படிச் சொல்லுங்கள்! கடை விளம்பரத்துக்குத்தான் இவ்வளவு கூத்தா?

தாமிரபரணி: அதெல்லாம் இருக்கட்டும், என் FNU-வுக்கு என்ன வழி என்று யாராவது சொல்வீர்களா மாட்டீர்களா?