அப்பா என்று எழுதவில்லை

துக்க நேரத்தில் வேலைச் சந்திப்பைத் தள்ளிவைப்பது பற்றிய பேச்சு. பேசுவோர் தங்கள் ஊர்ப் பெயரில் வருகிறார்கள்.

ஆயர் ஈத்தாம்: செவ்வாய் இரவு அப்பா தவறிவிட்டார். மறுநாள் காலை 10 மணிக்குக் கோலாலம்பூர் வாடிக்கையாளருடன் ஆன்லைன் சந்திப்பு. ஏற்பாடு செய்தவளே நான்தான். காலை 6.40-க்கு, கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்க, சமையலறையில் நின்று மின்னஞ்சல் எழுதினேன். "குடும்பத்தில் ஓர் இறப்பு நேர்ந்துவிட்டது. இன்றைய சந்திப்புக்கு வர இயலவில்லை. வெள்ளிக்கிழமை 10 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா? சிரமத்துக்கு மன்னிக்கவும்." அவ்வளவுதான். அப்பா என்று எழுதினால் கை நடுங்கும் என்று தெரியும்.

"ஆழ்ந்த அனுதாபங்கள், வெள்ளி சரி" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு கேள்விகூட இல்லை.

தவறு நாளில்தான். புதன் மாலை பத்து லஞ்சாங் மயானத்தில் தகனம், வியாழன் காலை சாம்பல் எடுத்துக் கடலில் கரைத்தோம். வெள்ளியன்று வீடு நிறைய உறவினர், எனக்குத் தொண்டை அடைத்துக் குரலே வரவில்லை. மறுபடியும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. முதல் மின்னஞ்சலைவிட அந்த இரண்டாவதுதான் எழுத முடியாமல் என்னைப் படுத்தியது.

செந்தூல்: எனக்கும் இப்படித்தான் ஆனது. "குடும்ப அவசரம்" என்று மட்டும் எழுதினேன். விபத்தா, மருத்துவமனையா என்று மாலைவரை போன். இறப்பு என்ற ஒரு சொல்லைப் போட்டிருக்கலாம். அக்கா, சட்டப்படி மூன்று நாள் விடுப்பு உண்டே, அதைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?

பிரிக்பீல்ட்ஸ்: மனிதவளத்தில் பல வருடம் இருந்தவன் சொல்கிறேன், தம்பி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இறப்பு விடுப்பு கிடையாது. மூன்று நாள் என்பது உங்கள் கம்பெனி ஒப்பந்தத்தில் இருக்கும். வேறு இடத்தில் இரண்டாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இறந்தவர் என்ன உறவு என்பதும் இறப்புச் சான்றிதழும் மனிதவளத்துக்கு மட்டும் போனால் போதும், வாடிக்கையாளருக்கு வேண்டாம்.

அம்மா, வெள்ளி என்று நீங்கள் நாள் குறித்தது அவசரம். அன்று காலை நாளே குறிக்காமல், "திங்களன்று புதிய தேதி அனுப்புகிறேன், அதுவரை அவசரமென்றால் இன்னாரைக் கேளுங்கள்" என்று சக ஊழியர் பெயரையும் எண்ணையும் கொடுத்திருந்தால் போதும். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய அழைப்பை ரத்து செய்யாமல் அதிலேயே நேரத்தை மாற்றினால், வரவேண்டிய எல்லாருக்கும் தகவல் போய்விடும். பதினாறாம் நாள் காரியத்தையும் இப்போதே நாட்காட்டியில் "விடுப்பு" என்று அடைத்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்: எங்கள் சீன வாடிக்கையாளர் வீட்டில் இறப்பு. வெள்ளை உறையில் எவ்வளவு வைப்பது?

செந்தூல்: அண்ணே, இங்கே பேச்சு சந்திப்பைத் தள்ளிவைப்பது பற்றி. ஆனால் எனக்கொரு சந்தேகம். பல வருடம் பழகிய வாடிக்கையாளரிடம்கூட யார் என்று சொல்லாமல் விடுவது சரியா?

ஆயர் ஈத்தாம்: அதுதான் எனக்கும் உறுத்துகிறது, தம்பி. அவர் போன வருடம் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். பதினாறாம் நாள் அடுத்த புதன் வருகிறது. அதற்குள் போனில் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.