1.860-ஐ அடித்துவிட்டேன்: விடைத்தாள் திருத்தியவர்கள், எழுதியவர்கள் அனுபவப் பகிர்வு

ஜங்ஷன்காரர்

இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அந்தத் தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கணக்கு எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான். 500 கிராம் என்று அச்சிட்ட அல்வா பொட்டலம், எடை குறைவாக இருக்கிறது என்று புகார். 9 பொட்டலத்தை நிறுத்துப் பார்த்ததில் சராசரி 494, திட்ட விலக்கம் 9. புகாரில் நியாயம் உண்டா என்று ஐந்து சதவீத மட்டத்தில் சோதிக்க வேண்டும். பத்து மார்க்.

அந்தப் பிள்ளை H0: μ = 500, H1: μ < 500 என்று எழுதியிருந்தது. அடுத்து இப்படி:

```
t = (494 - 500) / (9 / √9) = -6 / 3 = -2
```

அதற்குக் கீழே டேபிள் வேல்யூ 2.306 என்று எழுதி, அதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் -1.860 என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தது. -2 அதற்கும் கீழே இருப்பதால் H0 மறுக்கப்படுகிறது, சராசரி எடை குறைவு என்று முடிவு. என் கையில் இருந்த விடைக்குறிப்பில் 2.306, H0 ஏற்கப்படுகிறது என்று இருந்தது. சிவப்பு மையால் 1.860-ஐ அடித்தேன், முடிவையும் அடித்தேன், நாலு மார்க் போட்டு அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ் கொக்கிரகுளம் தாண்டி சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது. கேள்வி "குறைவு" என்றல்லவா கேட்கிறது? அது ஒன் டெயில். அந்தப் பிள்ளை யோசித்து, தன் தப்பைத் தானே அடித்துத் திருத்தியிருக்கிறது. அந்தத் திருத்தத்தைத்தான் நான் அடித்திருக்கிறேன். மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னேன். கட்டு மூடியாயிற்று, விடைக்குறிப்பு விடைக்குறிப்புதான் என்றார்கள். அந்தத் தாள் அப்புறம் என்ன ஆனது என்று தெரியாது.

குற்றாலச் சாரல்

வருத்தம் புரிகிறது சார். ஆனால் நீங்கள் சொல்கிற தாளிலேயே ஒரு குறை இருக்கிறது. t-ஐ மைனஸோடு விடக்கூடாது. |t| எடுத்துக்கொண்டு டேபிள் வேல்யூவோடு ஒப்பிட வேண்டும், பெரிதாக இருந்தால் மறுக்க வேண்டும். பதினாலு வருஷமாக டியூஷனில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

காரணம் ஒரு பையன். இதே மாதிரி கணக்கில் t = -2 என்று சரியாகக் கொண்டுவந்தான். டேபிள் வேல்யூ 1.860 என்று மைனஸ் இல்லாமல் எழுதினான். "-2 < 1.860, ஆகவே H0 ஏற்கப்படுகிறது" என்று முடித்தான். எண்கள் எல்லாம் சரி, முடிவு தலைகீழ். தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "-2 சின்னதுதானே சார்?" என்று கேட்டான். அதற்குப் பிறகு என் பிள்ளைகள் யாரும் மைனஸ் எழுதுவதில்லை.

பழைய வாத்தியார்

சாரல் தம்பி, உங்கள் பையனின் சிக்கலுக்கு |t| நல்ல மருந்து. எல்லாத் தாளுக்கும் அதையே கொடுத்தால் வேறு வியாதி வரும். நான் திருத்திய ஒரு தாளில், புது இயந்திரம் வந்த பிறகு பொட்டலத்தின் எடை கூடியிருக்கிறதா என்பது கேள்வி. H1: μ > 500. சராசரியோ 494. அந்த மாணவன் |t| = 2 எடுத்தான், 1.860-ஐவிடப் பெரிது, மறுத்தான், "எடை கூடியிருக்கிறது" என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டான். அதே பக்கத்தில் நாலு வரி மேலே 494 என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. டூ டெயில் என்றால் |t| சரி. ஒன் டெயிலில் H1 எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் t விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் குறி வேண்டும்.

ஜங்ஷன் தம்பி, அந்தப் பிள்ளை முதலில் 2.306 எழுதியது ஏன் என்று யோசித்தீர்களா? நம் புத்தகங்களின் பின்னால் இருக்கும் t அட்டவணை பலவற்றில் மேலே போட்டிருக்கும் 0.05 இரண்டு வாலுக்கும் சேர்த்த அளவு. 1938-இல் வந்த ஃபிஷர், யேட்ஸ் அட்டவணையும் அப்படித்தான். அதில் ஒன் டெயிலுக்கு 0.10 பத்தியில் பார்த்தால்தான் 1.860 கிடைக்கும். வேறு புத்தகங்களில் 0.05 என்பது ஒரு வாலுக்கே உரியது. தலைப்பில் அதைத் தெளிவாகப் போடாத அச்சும் உண்டு. அதனால் நான் தாள் திருத்த உட்காரும் முன் அட்டவணையின் கடைசி வரியைப் பார்ப்பேன், அதாவது ∞ போட்ட வரியை. 0.05-க்குக் கீழே 1.960 இருந்தால் அது இரண்டு வால் அட்டவணை. 1.645 இருந்தால் ஒரு வால். தலைப்பு என்ன சொன்னாலும் அந்த வரி ஏமாற்றாது.

விடைக்குறிப்பை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேள்வியின் வினைச்சொல். குறைந்ததா, கூடியதா, மாறியதா? அதை ஓரத்தில் பென்சிலால் <, >, ≠ என்று போட்டுவிட்டுத்தான் தாளைப் பிரிப்பேன். எண்களைப் பார்த்த பிறகு H1 எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், 494-ஐப் பார்த்ததும் < போடுவார்கள். கேள்வி "மாறியதா" என்றிருந்தால் அது தப்பு. அப்புறம் H0: x̄ = 500 என்று எழுதுகிறவர்கள். சராசரி 494 என்று நிறுத்துப் பார்த்தாயிற்றே, அதில் சோதிக்க என்ன இருக்கிறது? கருதுகோள் μ-வைப் பற்றியது.

உடன்குடி அண்ணாச்சி

கருப்பட்டி பொட்டலம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 6 கிராம் குறைந்தது என்று இவ்வளவு பேச்சா? 500 கிராம் பொட்டலத்துக்கு 15 கிராம் வரை பிழை சட்டமே அனுமதிக்கிறது. எனக்கு ஒரு தடவை சோதனைக்கு வந்தார்கள். ஒரு பொட்டலம் 489 காட்டியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை.

பொட்டலம் போடுகிறவர்கள் கவனிக்க: தராசில் வெற்று உறையை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு நிறுங்கள், உறையோடு சேர்த்து நிறுத்தால் அந்த எடை கருப்பட்டியில்தான் குறையும். மின்விசிறிக்குக் கீழே தராசை வைக்காதீர்கள், கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுக்கும், கோடையில் விடும். அதனால் ஐப்பசியில் சரியாக 500 போட்டது சித்திரையில் 500 இருக்காது. நான் 505 போடுகிறேன். நஷ்டம்தான், ஆனால் தூக்கம் வருகிறது. எடைக்கல் முத்திரையையும் தேதி பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.

பழைய வாத்தியார்

அண்ணாச்சி, நீங்கள் சொல்கிற 15 கிராம் ஒவ்வொரு தனிப் பொட்டலத்துக்கும் உள்ள வரம்பு. இங்கே கேட்பது சராசரியை. சரக்கு முழுவதும் சராசரி 500-க்குக் குறையக்கூடாது என்பதும் அதே விதிகளில் தனியாக இருக்கிறது. நீங்கள் 505 போடுவது அதற்கும் சேர்த்துத்தான் காப்பு. ஆனால் உங்களால் ஒரு நல்ல விஷயம் வந்தது. ஜங்ஷன் தம்பியின் தாளில் முடிவு "பொட்டலங்கள் எல்லாம் எடை குறைவு" என்று இருந்திருந்தால் நான் அதற்கு மார்க் குறைத்திருப்பேன். "சராசரி எடை" என்று இருந்தது, அதனால் முழு மார்க்.

அம்பை மாணவி

எனக்கு வேறு மாதிரி நடந்தது. புராஜெக்டுக்காக அம்பையிலிருந்து ஜங்ஷன் வரை பஸ்ஸில் பத்து தடவை நேரம் குறித்தேன். 60 நிமிஷம் என்று சொல்கிறார்கள், அதிலிருந்து வேறுபடுகிறதா என்பதுதான் கேள்வி. சராசரி 64, திட்ட விலக்கம் 7.9. t = 1.6 வந்தது. டேபிள் வேல்யூ 1.833. "H0 ஏற்கப்படுகிறது. ஆகவே சராசரிப் பயண நேரம் 60 நிமிஷம்" என்று எழுதினேன். சார் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சிவப்பில் சுழித்து ஒரு மார்க் குறைத்தார். காரணம் எழுதவில்லை. "ஏற்கப்படுகிறது" என்றுதானே எங்கள் புத்தகத்திலும் இருக்கிறது?

குற்றாலச் சாரல்

புத்தகத்தில் இருப்பதை எழுதினதற்கு மார்க் குறைக்கக்கூடாது. இதில் விவாதமே இல்லை.

பழைய வாத்தியார்

விவாதம் இருக்கிறது தம்பி. அம்மா, உன் எண்களையே எடுத்துக்கொள். 7.9-ஐ √10-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.5. இப்போது H0: μ = 66 என்று வைத்துச் சோதித்துப் பார்.

```
60 என்றால்: (64 - 60) / 2.5 =  1.6
66 என்றால்: (64 - 66) / 2.5 = -0.8
```

66-ஐயும் மறுக்க முடியவில்லை. உன் பாணியில் எழுதினால் சராசரி 60 என்றும் ஆகும், 66 என்றும் ஆகும். ஒரே பஸ்ஸுக்கு இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? உன் சார் சுழித்தது அதைத்தான். "ஐந்து சதவீத மட்டத்தில், சராசரிப் பயண நேரம் 60 நிமிஷத்திலிருந்து வேறுபடுகிறது என்று சொல்ல இந்தப் பத்துப் பயணங்களில் போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதியிருந்தால் யாரும் கை வைக்க முடியாது. "H0 ஏற்கப்படுகிறது" என்ற பழைய வழக்குக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு வந்த "ஆகவே 60" என்பதற்குக் குறைப்பேன்.

ஜங்ஷன்காரர்

ஐயா, ஒரு சந்தேகம். அல்வா கணக்கில் திட்ட விலக்கம் 9 என்று மட்டும்தான் இருந்தது. அது n-ஆல் வகுத்ததா, n - 1-ஆல் வகுத்ததா என்று கேள்வியில் இல்லை. n-ஆல் வகுத்தது என்றால் கீழே √8 வரும், t = -1.886. அப்போதும் -1.860-க்குக் கீழேதான், ஆனால் மயிரிழை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு வழியிலும் முடிவு ஒன்றுதான் என்று பிறகு போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பழைய வாத்தியார்

மாதிரியின் எண்களைக் கொடுக்காமல் 9 என்று மட்டும் கொடுத்தால் இரண்டையும் ஏற்க வேண்டியதுதான். நான் ஏற்பேன். மற்றவர்கள் எப்படியோ.

குற்றாலச் சாரல்

நான் ஏற்க மாட்டேன் ஐயா. சிறிய மாதிரி என்றால் √(n - 1) என்றுதான் எங்கள் பக்கம் வழக்கம். √n எழுதினால் ஒரு மார்க் போகும்.

அம்பை மாணவி

ஐயா, இப்போதுதான் என் புத்தகத்தின் அட்டவணையைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். 0.05-க்குக் கீழே 1.645. என் கேள்வி "வேறுபடுகிறதா" என்பது, அப்படியானால் நான் அடுத்த பத்தியில் 2.262 எடுத்திருக்க வேண்டும். 1.6 இரண்டுக்கும் கீழேதான், முடிவு மாறவில்லை. தாளையும் எடுத்துப் பார்த்தேன். சார் சுழித்தது அந்த ஒரு வாக்கியத்தை மட்டும். 1.833-க்குப் பக்கத்தில் டிக் இருக்கிறது.