புதுப்பிப்பு: 70 மெகாஹெர்ட்ஸில் தொலைந்த 2 பிட்

என் பழைய கேள்வி: "14 பிட் ஏடிசி. 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலைக்கு 12 பிட் வருகிறது, 70க்கு 10தான். சிப் கெட்டுவிட்டதா?"

சிப் நன்றாக இருக்கிறது, கோளாறு கிளாக்கில். அது எஃப்பிஜிஏவின் பிஎல்எல் வழியாக வந்துகொண்டிருந்தது.

பவர் சப்ளையைச் சந்தேகித்தவருக்கு: 70 மெகாஹெர்ட்ஸ் உள்ளீட்டை 20 டெசிபல் குறைத்ததும் இரைச்சல் தளமும் சுமார் 12 டெசிபல் இறங்கியது. சப்ளை இரைச்சல் என்றால் அது அப்படியே நின்றிருக்கும். ஜிட்டர், அதாவது கிளாக் நேரத்தின் தடுமாற்றம், தரும் பிழை அலையின் சரிவோடு பெருகுவது, அலை சிறுத்தால் அதுவும் சிறுக்கும்.

"சாம்ப்ளிங் வேகத்தைக் குறையுங்கள்" என்றவர் பாதி சரி. நேரம் தடுமாறுவதுதான் காரணம். ஆனால் கணக்கில் வருவது உள்ளீட்டு அதிர்வெண், சாம்ப்ளிங் வேகம் அல்ல:

```
SNR = -20*log10(2*pi*f*tj)
```

70 மெகாஹெர்ட்ஸில் அளந்தது 62 டெசிபல். ஏடிசியின் சொந்த இரைச்சலைக் கழித்தால் ஜிட்டர் tj ஏறக்குறைய 1.75 பிகோசெகண்ட்.

மூத்தவர் ஒருவர் சொன்னபடி, 0.3 பிகோசெகண்ட் ஜிட்டர் உள்ள கிரிஸ்டல் ஆஸிலேட்டரை நேராக ஏடிசியின் கிளாக் பின்னுக்குக் கொடுத்தபின் 73 டெசிபல், அதாவது 11.8 பிட்.

140 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கணக்கு 70 டெசிபல் சொல்ல, 67தான் வருகிறது. சிக்னல் ஜெனரேட்டரின் ஃபேஸ் நாய்ஸாக இருக்கலாம். குறுகிய பேண்ட்பாஸ் ஃபில்டர் வைத்து இன்னும் பார்க்கவில்லை.