போட்டோல மல்டிமீட்டர் திருகு 200ல நிக்குது, ஆனா எந்த 200?

வடுவூர் பக்கம்:
இன்னைக்கு நடந்ததை சொல்லிடுறேன், இதே மாதிரி யாருக்காவது ஆயிருந்தா நீங்களும் சொல்லுங்க. நான் சென்னைல, அப்பா ஊர்ல. குறுவைக்கு நாத்தங்கால் போட்டு வச்சிருக்காரு, காலைல பார்த்தா போர் மோட்டார் உம்முனு உறுமுது ஆனா ஓடலை, ரெண்டு செகண்ட்ல ஸ்டார்ட்டர் விழுந்துடுது. வீட்ல மஞ்சக் கலர் சின்ன மல்டிமீட்டர் ஒண்ணு கெடந்துது, அதை வச்சு பாருங்க, பார்த்துட்டு போட்டோ அனுப்புங்கன்னு சொன்னேன். வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சு, திருகு 200ல இருக்கு, டிஸ்ப்ளேல -00.2ன்னு இருக்கு. "கரண்டே வரலடா தம்பி"ன்னாரு. நானும் அதை நம்பி, அப்ப ஸ்டார்ட்டர தொறந்து உள்ள எதாவது ஒயர் கழண்டு கெடக்கான்னு தொட்டு அசைச்சு பாருங்கன்னு சொல்லிட்டேன். நல்ல வேளை பக்கத்து வயல்ல இருந்த பையன் வந்து டெஸ்டர வச்சிருக்கான், பளிச்சுனு எரிஞ்சிருக்கு. அப்பா கைய உள்ள விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

அப்புறம் போட்டோவ பெருசாக்கி பார்த்தேன். 200 தான், ஆனா வி எழுத்து பக்கத்துல நேர்கோடு போட்டு அதுக்கு அடியில துண்டு துண்டா மூணு கோடு இருந்துச்சு. அது டிசியாம். மோட்டார் கொட்டகைல டிசி எங்க இருக்கு!

திருத்துறைப்பூண்டி:
எங்க வீட்லயும் இதே கதைதான். மாசா மாசம் மீட்டர போட்டோ எடுத்து வச்சுக்குறேன், ரீடிங் எடுக்க வர்றவரு எழுதுறதும் என் போட்டோல இருக்கறதும் ஒத்து வரமாட்டேங்குது. பட்டன் அமுக்கினா நம்பர் மாறி மாறி வருது, எதை நோட் பண்ணணும்?

வடுவூர் பக்கம்:
அண்ணே அது சுவத்துல இருக்கற கரண்டு மீட்டர், நான் சொல்றது கையில வச்சு பார்க்கிற மீட்டர்.

கும்பகோணம் ஒயிண்டிங்:
தம்பி, உங்க அப்பா தப்பு பண்ணலை, அந்த மீட்டர் அப்படி. 25 வருஷமா மோட்டார் கட்டுறேன், தினம் ரெண்டு பேராவது இப்படி போட்டோ அனுப்புவாங்க, நான் மொதல்ல பார்க்கறது திருக இல்ல, டிஸ்ப்ளேவதான். ஏன்னு சொல்றேன். அந்த மஞ்ச மீட்டர்ல 200ன்னு ஆரம்பிக்கிற இடம் மட்டும் நெறைய இருக்கு. பின்னாடி எம், கே, மியூன்னு எழுத்து எதுவும் ஒட்டாத வெறும் 200 மூணு. ஒண்ணு வி நேர்கோடு, அது டிசி வோல்ட்டு. ஒண்ணு வி நெளிகோடு, அது ஏசி. மூணாவது குதிரை லாடம் மாதிரி ஒரு குறி இருக்குமே, அது ஓம்ஸ், ஒயரோட ரெசிஸ்டன்ஸ் பார்க்க. போட்டோல குறி தெரியலைன்னாலும் டிஸ்ப்ளே காட்டிக் குடுத்துடும்.

230 வோல்ட்டு ஏசிய நெளிகோடு 200ல வச்சா அளவு மீறிடும், இடது ஓரத்துல ஒத்தை 1 மட்டும் நிக்கும். அந்த 1ஐ பார்த்துட்டு "ஒரு வோல்ட்டுதான் வருது"ன்னு சொன்னவங்க இருக்காங்க. அதே கரண்ட நேர்கோடு 200ல வச்சா ஏசி ஒரு தடவ பிளஸ் ஒரு தடவ மைனஸ்னு போறதால ரெண்டும் அடிபட்டு சைபர் கிட்டதான் வரும், 00.0, 00.3, -00.2ன்னு சும்மா ஆடிக்கிட்டே இருக்கும். உங்க போட்டோல மைனஸ் இருந்துச்சுல்ல, ஏசி பக்கம் வச்சிருந்தா மைனஸ் வராது, அது ஒண்ணே போதும் அது டிசின்னு சொல்ல. ஓம்ஸ் 200ல ரெண்டு முள்ளும் எங்கயும் படாம இருந்தா அங்கயும் ஒத்தை 1தான், ஆனா அந்த இடத்துல வச்சு லைவ்ல குத்தினா மீட்டர் செத்துடும், சில சமயம் கையோட வெடிக்கும்.

இன்னொண்ணு புள்ளி. 200ல வச்சா கடைசி எண்ணுக்கு முன்னாடி புள்ளி வரும், 20ல வச்சா அதுக்கும் ஒரு இடம் முன்னாடி, 750லயும் 1000லயும் புள்ளியே வராது. திருகு மேல டார்ச் வெளிச்சம் பட்டு ஒண்ணும் தெரியலைன்னாலும் புள்ளிய வச்சு எந்த அளவுல வச்சிருக்காங்கன்னு சொல்லிடலாம்.

மயிலாடுதுறை:
நம்ம ஃபார்முலா சிம்பிள், எது எதுன்னு குழப்பமா இருந்தா இருக்கறதுலயே பெரிய நம்பர்ல வச்சுடணும், 1000ல வச்சா எதுவும் ஆகாது.

கும்பகோணம் ஒயிண்டிங்:
பெருசுல இருந்து இறங்கணும்கறது சரி சார், ஆனா அந்த 1000 டிசி பக்கத்துல இருக்கு. வடுவூர் தம்பியோட அப்பா 1000ல வச்சிருந்தாலும் இதே சைபர்தான் வந்திருக்கும், இதே மாதிரி கைய விட்டிருப்பாரு. ஏசிக்கு பெருசு 750, சில மீட்டர்ல 600ன்னு போட்டிருக்கும். ரெண்டும் ஆஃப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா இருக்கறதால அவசரத்துல மாத்தி வைக்கிறாங்க. மொதல்ல குறி, அப்புறம்தான் நம்பர்.

மயிலாடுதுறை:
ஓ அப்படியா, நான் இத்தனை நாளா 1000லதான் வச்சு வீட்டு கரண்ட பார்த்துட்டு இருந்தேன். சைபர்னு வரும், சரி கரண்ட் கட்டுன்னு நினைச்சுக்குவேன் 😅

வேதாரண்யம் உப்பளம்:
எனக்கு இதுக்கு நேர் எதிரா ஆச்சு. 2018ல கஜா புயல் அடிச்சு எங்க பக்கம் கரண்டே இல்லாம கெடந்தோமே, அப்ப பேட்டரிதான் தெய்வம். அதுல இருந்து பேட்டரிய அடிக்கடி செக் பண்ற பழக்கம். ஒரு நாள் இன்வெர்ட்டர் பேட்டரில வச்சா 27 வோல்ட்டு காட்டுது. 12 வோல்ட்டு பேட்டரி சார்! ஓவர் சார்ஜ் ஆயிருச்சு வெடிக்கப் போவுதுன்னு பயந்து ஒயர கழட்டி வீட்டுக்கு வெளிய தூக்கிட்டு போய் வச்சிட்டேன், அந்த கனத்த தூக்கி இடுப்பு புடிச்சதுதான் மிச்சம். மீட்டர் போட்டோ இன்னும் போன்ல இருக்கு, இப்ப நீங்க சொன்ன பிறகு பார்க்கிறேன், நெளிகோடு 200ல இருக்கு. முள்ள மாத்திப் புடிச்சா சைபர் வந்துச்சுன்னும் ஞாபகம்.

கும்பகோணம் ஒயிண்டிங்:
அதேதான். இந்த மலிவு மீட்டருங்க ஏசிய ஒரு டயோடு வழியா பாதி அலைய மட்டும் விட்டு, அதை ரெண்டே கால் மடங்கு மாதிரி பெருக்கிக் காட்டும். ஏசின்னா அந்தக் கணக்கு சரியா வந்துடும். டிசிய குடுத்தா பாதி இல்ல, முழுசும் உள்ள போவும், அதையும் பெருக்கிடும். 12.6 இருக்கற நல்ல பேட்டரி 27 கிட்ட காட்டும். மாத்திப் புடிச்சா டயோடு தடுத்துடும், சைபர். பேட்டரிக்கு நேர்கோடு 20ல வைங்க. 12 வோல்ட்டு பேட்டரிதான்னா அது போதும்.

திருவாரூர் ஐடிஐ:
நான் ஐடிஐ ரெண்டாவது வருஷம் எலக்ட்ரீசியன், எங்க பேட்ச்ல மூணு பொண்ணுங்கதான். போட்டோல பார்க்கிறவங்க ஒண்ண மறந்துடுறாங்க, திருகு மட்டும் தெரியிற மாதிரி எடுத்து அனுப்புறாங்க, கீழ ஒயர் எந்த ஓட்டைல சொருகியிருக்குன்னு தெரியிறதில்ல. கறுப்பு எப்பவும் காம்ல. சிவப்பு நடு ஓட்டைல இருக்கணும். பத்து ஆம்பியர் ஓட்டைல சிவப்பு இருந்துட்டா திருகு எங்க இருந்தாலும் சரி, ரெண்டு முள்ளுக்கும் நடுவுல வெறும் செம்புக் கம்பி மாதிரிதான், இந்த மஞ்ச மீட்டர்ல அதுல பியூஸும் கிடையாது. எங்க அண்ணன் பைக்ல கரண்ட் லீக் பார்த்துட்டு அப்படியே விட்டிருக்கான், நான் வந்து வீட்டு பிளக்ல குத்தினேன். டப்புனு ஒரு சத்தம், முள்ளு நுனி உருகி கறுப்பாயிடுச்சு, வீட்ல எம்சிபி விழுந்துச்சு. கைக்கு ஒண்ணும் ஆகலை. அதனால போட்டோ கேட்டா முழு மீட்டரும் ஓட்டையோட தெரியிற மாதிரி கேளுங்க.

புது மாடல் தானா அளவெடுக்கிற மீட்டர்ல வேற பிரச்சனை, ஒரே இடத்துலயே நெளிகோடும் நேர்கோடும் சேர்ந்து போட்டிருக்கும், செலக்ட் பட்டன அமுக்கி மாத்தணும். அதுல திருக பார்த்து பிரயோஜனம் இல்ல, டிஸ்ப்ளே மூலைல ஏசியா டிசியான்னு வர்றத பார்க்கணும்.

வடுவூர் பக்கம்:
சரி, கதை இன்னும் முடியலை. அப்பாகிட்ட நெளிகோடு 750ல வைக்கச் சொல்லி, முள்ளோட உலோகத்துல விரல் படாம புடிக்கச் சொல்லி, ஸ்டார்ட்டருக்கு மேல வர்ற மூணு லைன்லயும் பார்க்கச் சொன்னேன். மூணு போட்டோ வந்துச்சு. ஒண்ணாவதும் ரெண்டாவதும் 408. ரெண்டாவதும் மூணாவதும் 231. ஒண்ணாவதும் மூணாவதும் 229. அப்பா "எல்லாத்துலயும் 230க்கு கொறையாம இருக்கே, கரண்ட் நல்லாத்தான் இருக்கு, மோட்டார்தான் புகைஞ்சுருச்சு போல"ன்னு உங்கள மாதிரி ஒயிண்டிங் கடைக்கு வண்டி பேசிட்டாரு.

கும்பகோணம் ஒயிண்டிங்:
வண்டிய திருப்பச் சொல்லுங்க. மும்முனைல ரெண்டு லைனுக்கு நடுவுல எங்க வச்சாலும் 400 பக்கம் வரணும். 230ங்கறது ஒரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வர்றது. மூணாவது லைன் அந்து போயி, அதுல மாட்டியிருக்கற பல்பு வழியா நியூட்ரலோட ஒட்டிக்கிட்டு நிக்குது, அதான் மத்த ரெண்டுக்கும் 230 காட்டுது. கொட்டகை பல்பு எரியுதா?

வடுவூர் பக்கம்:
எரியலைன்னாரு. குண்டு பல்பு, பியூஸ் போயிருச்சுன்னு நினைச்சிருக்காரு.

கும்பகோணம் ஒயிண்டிங்:
பியூஸ் போன பல்புன்னா நியூட்ரல் இழுக்காது, வேற எதாவது அந்த லைன்ல இருக்கணும். மூணாவது லைன்ல ஒரு முள்ளு, நியூட்ரல்ல ஒரு முள்ளு வச்சு பாருங்க, சைபர் கிட்ட வந்தா நான் சொன்னது சரி. அப்புறம் பக்கத்து வயல் மோட்டார் ஓடுதான்னு கேளுங்க. ஓடுனா உங்க கொட்டகை பியூஸ் கேரியர், ஓடலைன்னா டிரான்ஸ்பார்மர் பியூஸ் இல்லாட்டி கம்பத்து ஜம்பர். ஒரு லைன் இல்லாம ஸ்டார்ட்டர திரும்பத் திரும்ப அமுக்காதீங்க, அப்பதான் நிஜமாவே ஒயிண்டிங் புகையும்.

மயிலாடுதுறை:
எனக்கென்னவோ லைன் அந்திருக்காது, ஸ்டார்ட்டர் காண்டாக்ட் தேஞ்சிருக்கும்னு தோணுது. எங்க மோட்டாரும் இப்படித்தான் உறுமுச்சு, காண்டாக்ட் மாத்தினதும் ஓடுச்சு.

திருவாரூர் ஐடிஐ:
அவர் பார்த்தது ஸ்டார்ட்டருக்கு மேல வர்ற ஒயர்ல சார், காண்டாக்ட் அதுக்கு கீழல்ல இருக்கு.

மயிலாடுதுறை:
மேலயா கீழயான்னு போட்டோல தெரியுதா?

வடுவூர் பக்கம்:
அது தெரியலை, க்ளோசப்ல எடுத்திருக்காரு. மேல தான் வச்சேன்கிறாரு. பக்கத்து வயல் மோட்டாரும் ஓடலையாம், ஆனா அவரு இன்னைக்கு போடவே இல்லைன்னும் சொல்றாரு, எதை நம்புறதுன்னு தெரியலை. லைன்மேனுக்கு போன் போட்டாச்சு, சாயங்காலம் வர்றேன்னிருக்காரு.

கும்பகோணம் ஒயிண்டிங்:
அவர் வர்ற வரைக்கும் பியூஸ் கேரியர் பக்கம் போக வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க. அந்த மீட்டரோட ஒயர் நூல் மாதிரி இருக்கும், வீட்டு பிளக்குக்கு ஓகே, டிரான்ஸ்பார்மர்ல இருந்து நேரா வர்ற லைன்ல நானே அதை வச்சு குத்த மாட்டேன்.