'இல்லை' என்ற சொல்லே கிடைக்காத புத்தகம்: தமிழ் ஓசிஆர் அனுபவங்கள்

கயல்
இரவு முழுக்க 40 பழைய புத்தகங்களின் ஸ்கேன்களை எழுத்தாக்க டெசரக்டில் ஓட்டினேன். காலையில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை, எல்லாப் பக்கத்துக்கும் கோப்பு வந்திருந்தது. சரி என்று ஒரு நாவலில் 'யானை' என்று தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. கதையே யானைப்பாகனைப் பற்றியது! திறந்து பார்த்தால் எல்லா இடத்திலும் 'யான'. பழைய அச்சில் னை, லை, ணை, ளை நான்கிலும் ஐகாரம் தும்பிக்கை போல எழுத்தின் தலையிலேயே ஒட்டியிருக்கும் அல்லவா, அதை அது விட்டுவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இதை ஓட்டும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

மணி_திருச்சி
1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அப்புறம் `sed` போட்டு 'இல்ல' என்பதை 'இல்லை' ஆக்கினால் முடிந்தது. ஸ்கேன் 300 டிபிஐ இருக்கட்டும், சாய்வை நிமிர்த்துங்கள், ஓரத்துக் கறுப்பை வெட்டுங்கள், இரண்டு பத்திப் பக்கத்தைப் பிரித்து ஓட்டுங்கள். நான் ஒரு மாத இதழை அப்படியே விட்டு, இரண்டு பத்தியும் வரிக்கு வரி கலந்து வந்தது.

செல்வி
எனக்கும் இதேதான். பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது.

பழனி
செல்வி, உங்களுடையது ஸ்கேன் இல்லை, பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கும். அதற்கு எழுத்துரு மாற்றி போதும்.

மணி, இரண்டுமே சரிவராது. பெரியாரின் குடி அரசு 1935-லேயே புதிய எழுத்துக்கு மாறிவிட்டது. 1978-க்குப் பிறகும் கையிலிருந்த பழைய அச்செழுத்தை வைத்தே ஓட்டிய அச்சகங்கள் உண்டு. ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது. உங்கள் `sed` 'இல்லம்' என்பதை 'இல்லைம்' ஆக்கிவிடும். 'கல' என்று வந்தால் அது 'கல'வா 'கலை'யா என்று யார் சொல்வது?

கயல், நான் செய்வது இது. 'இல்லை' வராத தமிழ் உரைநடைப் புத்தகம் கிடையாது. ஒவ்வொரு புத்தகமும் முடிந்ததும் எண்ணிப் பார்ப்பேன்:

```
cat book07/*.txt | grep -o 'இல்லை' | wc -l
```

200 பக்கத்தில் நாலைந்துதான் வந்தால் பழைய எழுத்து என்று ஒதுக்கிவிடுவேன். ஒதுக்கியதில் இருந்து வரி வரியாகப் படம் வெட்டி, பக்கத்தில் சரியான உரையைத் தட்டி `tesstrain`-இல் டெசரக்டுக்குப் பயிற்சி கொடுத்தேன். யூனிகோடில் பழைய லைக்குத் தனிக் குறி கிடையாது, அதனால் படம் பழையதானாலும் உரையில் வழக்கமான 'லை' என்றே தட்ட வேண்டும். ணா, றா, னா சுழித்து வரும் வரிகளையும் சேருங்கள், அவை அரிதாக வருவதால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

கயல்
எண்ணிப் பார்த்தேன், 40-இல் 11 மாட்டியது. அதில் ஒன்றில் முன்னுரை மட்டும் புதிய எழுத்து, கதை பழையது. அதற்குப் பக்கவாரியாக எண்ணினால் பாதிப் பக்கத்தில் 'இல்லை' இயல்பாகவே வராதே?

பழனி
பக்கவாரியாக என்றால் நான்கு ஐகார எழுத்தையும் சேர்த்து எண்ணலாம். எத்தனைக்குக் கீழே போனால் ஒதுக்குவது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.